மாதவிடாய் ஒழுங்காக வரவில்லை என்றால்: எந்த டெஸ்ட், எந்த நாளில், ஏன்?

எனக்கு 40 நாளுக்கு ஒருதரம் வருது, சில சமயம் 50 நாள்கூட ஆகுது. இதுக்கெல்லாம் டெஸ்ட் எடுக்கணுமா?

ஒரே ஒரு மாதம் தள்ளிப்போனால் வேண்டாம். காய்ச்சல், தேர்வு, இரவு வேலை, திடீரென்று உடம்பு இளைத்தது என்று எதுவும் ஒரு மாதத்தைத் தள்ளிவிடும். ஆனால் தொடர்ந்து 35 நாளுக்கு மேல் போகிறது, அல்லது 21 நாளுக்குள் திரும்ப வந்துவிடுகிறது, அல்லது வருடத்துக்கு 8 தடவைகூட வருவதில்லை என்றால் காரணம் தேடத்தான் வேண்டும். உங்கள் கணக்கு அந்த வரம்பைத் தாண்டிவிட்டது.

டாக்டரிடம் போகும்முன் கடைசி ஆறு மாதத் தேதிகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். "கொஞ்சம் தள்ளித்தான் வரும்" என்று சொல்வதைவிட, ஜனவரி 4, பிப்ரவரி 16, மார்ச் 29 என்று தேதியாகச் சொன்னால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். கீழே சொல்லப்போகும் எல்லா டெஸ்ட்டும் இந்தத் தேதிகளை நம்பித்தான் இருக்கின்றன.

முதல்ல எந்த டெஸ்ட் எழுதுவாங்க?

கர்ப்பப் பரிசோதனை. கல்யாணம் ஆகாத பெண்ணிடம் இதைக் கேட்டால் வீட்டார் முகம் மாறுவது உண்டு. ஆனாலும் இதைத் தாண்டிப் போவது ஆபத்து. பீரியட்ஸ் வரவழைக்க மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் கர்ப்பம் இல்லை என்பது உறுதியாக வேண்டும். கர்ப்பப்பைக்கு வெளியே கரு தங்கியிருந்தாலும் அது விட்டுவிட்டு வரும் ரத்தக்கசிவாக வெளியே தெரியலாம். நல்ல டாக்டர் எல்லாப் பெண்களுக்கும் இதை வழக்கமாக எழுதுவார், யாரையும் சந்தேகப்பட்டு அல்ல.

அடுத்து தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., அதோடு புரோலாக்டின். மாதவிடாயை நடத்துவது கர்ப்பப்பை மட்டுமல்ல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. அவற்றைப் பெற்ற சினைப்பை ஒரு முட்டையை வளர்த்து, ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு என்பதைப் பார்த்து பிட்யூட்டரி தன் அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. புரோலாக்டின் கூடினால் இந்த ஓட்டம் மேலிடத்திலேயே அடங்கிவிடும். பால் கொடுக்கும் தாய்க்குப் பல மாதம் பீரியட்ஸ் வராமல் இருப்பது இதனால்தான். தைராய்டு குறைந்தாலும் சுழற்சி குலையும், அது புரோலாக்டினையும் சேர்த்து உயர்த்திவிடும். அதனால் புரோலாக்டின் கூடியிருந்தால் டி.எஸ்.ஹெச். பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. தைராய்டைச் சரிசெய்தால் போதும், புரோலாக்டின் தானே இறங்கிவிடும் என்ற நிலை நிறையப் பேருக்கு உண்டு.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வாங்கன்னு சொல்றாங்களே, அப்படி என்ன இருக்கு அந்த நாள்ல?

அந்த நாட்களில்தான் சினைப்பை ஓய்வாக இருக்கும். போன மாதத்து முட்டையின் வேலை முடிந்திருக்கும், இந்த மாதத்து முட்டை இன்னும் தேர்வாகியிருக்காது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் அடிமட்டத்தில் இருக்கும். பிட்யூட்டரி தன் இயல்பில் எவ்வளவு எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். அனுப்புகிறது என்பதை மறைப்பில்லாமல் பார்க்கக் கிடைப்பது அப்போதுதான். 2 முதல் 5ஆம் நாள் வரை பெரிய வித்தியாசம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை லேப் மூடியிருந்தால் திங்கட்கிழமை போகலாம், பதற வேண்டாம்.

அந்த நாளில் எஃப்.எஸ்.ஹெச். பொதுவாக 3 முதல் 10க்குள்ளும், எல்.ஹெச். ஏறக்குறைய அதே அளவிலும், ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவமான ஈஸ்ட்ரடயால் 60க்குக் கீழேயும் இருக்கும். இந்த மூன்றையும் ஒரே ரத்தத்தில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஈஸ்ட்ரடயால் ஏற்கெனவே ஏறியிருந்தால் அது எஃப்.எஸ்.ஹெச்.-ஐ அமுக்கிவிடும். முட்டை இருப்பு குறைந்துவிட்ட ஒரு பெண்ணுக்கு எஃப்.எஸ்.ஹெச். 6 என்று அழகாக வரலாம், அருகில் ஈஸ்ட்ரடயால் 110 என்று இருக்கும். அந்த 6ஐ மட்டும் பார்த்து நிம்மதி அடைந்தால் ஏமாந்துபோவோம். எஃப்.எஸ்.ஹெச். மட்டும் எழுதி, ஈஸ்ட்ரடயால் எழுதாத சீட்டு கையில் இருந்தால் இதைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் பிரச்சினை எந்த இடத்தில் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். எஃப்.எஸ்.ஹெச். 25க்கு மேல், ஈஸ்ட்ரடயால் குறைவு என்றால் சினைப்பை சோர்ந்துவிட்டது, பிட்யூட்டரி கத்திக் கூப்பிடுகிறது. 40 வயதுக்குள் இப்படி வந்தால் குறைந்தது நான்கு வாரம் கழித்து மறுபடி பார்த்து உறுதிசெய்வது நல்லது. மூன்றுமே தரையில் கிடந்தால் மேலிருந்து கட்டளையே வரவில்லை என்று பொருள். கடுமையான உணவுக் கட்டுப்பாடு, அளவுக்கு மீறிய உடற்பயிற்சி, நீண்ட மன அழுத்தம் ஆகியவற்றில் இதைப் பார்க்கலாம்.

ஒண்ணாம் நாள்னு எதைக் கணக்கு வைக்கிறது?

பேட் வைக்க வேண்டிய அளவுக்கு ரத்தம் வரத் தொடங்கிய நாள்தான் முதல் நாள். அதற்கு முன் இரண்டு நாள் பழுப்பாகத் துளித்துளியாகப் பட்டிருந்தால் அது கணக்கில் வராது. இரவு பத்து மணிக்குமேல் ஆரம்பித்தால் மறுநாளை முதல் நாளாக வைத்துக்கொள்ளலாம்.

தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. "குளிச்சு ரெண்டு நாள் ஆச்சு" என்று சொன்னால், லேபில் இருப்பவர் அதை இரண்டாம் நாள் என்று எழுதிக்கொள்வார். உண்மையில் அது ஐந்தாம் நாளாகவோ ஆறாம் நாளாகவோ இருக்கும். நாளைச் சொல்லாமல் காலண்டர் தேதியைச் சொல்லிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

லேப்ல தள்ளுபடி போட்டிருந்தாங்கன்னு ஹார்மோன் பேக்கேஜ் எடுத்தேன். அன்னைக்கு 26ஆம் நாள். எல்.ஹெச். அதிகம், புரோலாக்டின் அதிகம், ஸ்கேன்ல நீர்க்கட்டின்னு வந்திருக்கு. பி.சி.ஓ.டி.யா?

அந்த ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஏன் என்று ஓர் எடுத்துக்காட்டோடு விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரி ரிப்போர்ட்டோடு வருபவர்கள் ஏராளம்.

27 வயதுப் பெண் ஒருவரை வைத்துக்கொள்வோம். சுழற்சி 38 முதல் 45 நாள். 26ஆம் நாள் எடுத்த ரத்தத்தில் எல்.ஹெச். 31, எஃப்.எஸ்.ஹெச். 9, ஈஸ்ட்ரடயால் 240, புரோஜெஸ்டிரோன் 0.9, புரோலாக்டின் 36. ஸ்கேனில் வலது சினைப்பையில் 21 மி.மீ. அளவில் நீர்க்கட்டி, கர்ப்பப்பை உள்சவ்வு 10.5 மி.மீ. எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்.-ஐப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருப்பதால் பி.சி.ஓ.டி., நீர்க்கட்டி கரைய மாத்திரை, புரோலாக்டினைக் குறைக்க இன்னொரு மாத்திரை என்று சீட்டு நீளும்.

இப்போது அடுத்த பீரியட்ஸ் எப்போது வந்தது என்று பாருங்கள். சரியாக 14 நாள் கழித்து, 40ஆம் நாள் வந்தது. முட்டை வெளிவந்த நாளிலிருந்து ஏறக்குறைய 14 நாளில் பீரியட்ஸ் வரும். சுழற்சி எவ்வளவு நீண்டாலும் இந்தப் பின்பாதி அதிகம் மாறாது, நீள்வதெல்லாம் முன்பாதிதான். ஆகவே ரத்தம் எடுத்த அந்த 26ஆம் நாள், இந்தப் பெண்ணுக்கு முட்டை வெடித்து வெளிவரும் நேரம். அந்த நேரத்தில் எல்.ஹெச். உச்சத்துக்குப் பாய வேண்டும், பாயாவிட்டால்தான் குறை. முட்டை முதிர்ந்திருப்பதால் ஈஸ்ட்ரடயால் 200க்கு மேல் இருக்க வேண்டும். 21 மி.மீ. நீர்க்கட்டி என்று எழுதப்பட்டது வெளிவரத் தயாராக இருந்த முட்டைப்பை. உள்சவ்வு 10 மி.மீ. இருப்பதும் அந்த நாளுக்கு இயல்பு.

மீதி இருப்பது புரோலாக்டின் 36. அசிடிட்டிக்காக இவர் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கேப்ஸ்யூலில் டோம்பெரிடோன் கலந்திருந்தது. அது புரோலாக்டினை உயர்த்தும் மருந்து.

டாக்டரின் யோசனைப்படி அந்தக் கேப்ஸ்யூலை நான்கு நாள் நிறுத்திவிட்டு, அடுத்த சுழற்சியின் 3ஆம் நாள் காலை திரும்ப எடுத்தால்: எல்.ஹெச். 7.2, எஃப்.எஸ்.ஹெச். 6.4, ஈஸ்ட்ரடயால் 38, புரோலாக்டின் 14. டி.எஸ்.ஹெச். 2.4. ஸ்கேனில் அந்த 21 மி.மீ. கட்டி இல்லை. ஆனால் இரண்டு சினைப்பையிலும் இருபதுக்கு மேற்பட்ட சிறுசிறு முட்டைப்பைகள், ஒவ்வொரு சினைப்பையும் 11 மி.லி. அளவு.

ஆக, இவருக்கு பி.சி.ஓ.டி. இருக்கிறதா? இருக்கிறது. சுழற்சி நீண்டிருப்பது ஒன்று, சினைப்பையின் தோற்றம் இன்னொன்று. தைராய்டு, புரோலாக்டின் போன்ற மற்ற காரணங்களை ஒதுக்கிய பிறகு இந்த இரண்டும் சேர்ந்தால் போதும். பெயர் அதேதான் வந்தது, பிறகு எதற்கு இரண்டாவது செலவு என்று கேட்கலாம். முதல் ரிப்போர்ட்டை நம்பியிருந்தால் தேவையில்லாத புரோலாக்டின் மாத்திரையும், இல்லாத கட்டிக்குச் சிகிச்சையும் நடந்திருக்கும். அதைவிட முக்கியமாக, இவருக்குத் தாமதமாகவேனும் முட்டை வெளிவருகிறது என்ற நல்ல செய்தி யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும். குழந்தைக்கு முயலும் பெண்ணுக்கு அது பெரிய விஷயம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எல்.ஹெச்.-எஃப்.எஸ்.ஹெச். விகிதத்தை வைத்து பி.சி.ஓ.டி. என்று முடிவுகட்டும் பழக்கம் காலாவதியானது. சரியான நாளில் எடுத்தாலும் அந்த விகிதம் இன்றைய வரையறைகளில் இடம்பெறவில்லை.

மூணு மாசமா பீரியட்ஸே வரல. நான் எந்த ரெண்டாம் நாளுக்குக் காத்திருக்கிறது?

இரண்டு வழி உண்டு. கர்ப்பம் இல்லை என்று உறுதியானபின் இன்றைக்கே ரத்தம் எடுக்கலாம், ஆனால் ஈஸ்ட்ரடயாலும் புரோஜெஸ்டிரோனும் அதே ரத்தத்தில் பார்க்க வேண்டும். இரண்டும் குறைவாக இருந்தால் சினைப்பை ஓய்வில் இருக்கிறது, எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். எண்களை இரண்டாம் நாள் எண்களைப் போலவே படிக்கலாம். புரோஜெஸ்டிரோன் ஏறியிருந்தால் முட்டை வெளிவந்துவிட்டது, இரண்டு வாரத்துக்குள் பீரியட்ஸ் தானாக வரும், அதற்குக் காத்திருப்பது நல்லது.

மற்ற வழி, மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் போன்ற மாத்திரையை 5 முதல் 10 நாள் கொடுத்து நிறுத்துவது. நிறுத்திய ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் ரத்தம் வரும், அதன் 2 முதல் 5ஆம் நாளில் டெஸ்ட் எடுக்கலாம். மாத்திரையின் தாக்கத்தில் எல்.ஹெச். சற்றுக் குறைந்து காட்டலாம் என்பதை டாக்டர் மனதில் வைத்துக்கொள்வார். ரத்தம் வருகிறதா என்பதே ஒரு டெஸ்ட்தான். வந்தால் உடம்பில் ஓரளவு ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, உள்சவ்வு வளர்ந்திருக்கிறது, வெளியேற வழியும் இருக்கிறது. வராவிட்டால் ஈஸ்ட்ரோஜனே இல்லையா, அல்லது கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம்செய்யும் டி அண்ட் சி போன்ற சிகிச்சைக்குப் பிறகு கர்ப்பப்பைக்குள் தழும்பு ஒட்டியிருக்கிறதா என்று அடுத்து தேடவேண்டும்.

21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் எடுத்தேன், 0.5 வந்தது. முட்டையே வரலைன்னு சொல்லிட்டாங்க.

28 நாள் சுழற்சி உள்ளவருக்குத்தான் 21ஆம் நாள். அந்த எண்ணுக்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை, அடுத்த பீரியட்ஸுக்கு 7 நாள் முன்னால் என்பதுதான் விதி. முட்டை வெளிவந்த பின் மிச்சமிருக்கும் பை புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும், ஒரு வாரத்தில் அது உச்சத்தைத் தொடும். 35 நாள் சுழற்சி என்றால் 28ஆம் நாள். மேலே சொன்ன 40 நாள் பெண்ணுக்கு 33ஆம் நாள். அவருக்கு 21ஆம் நாள் எடுத்தால் முட்டை வெளிவருவதற்கு ஐந்து நாள் முன்னாலேயே பார்த்ததாகும், 0.5 வராமல் வேறென்ன வரும்?

சுழற்சி எப்போது முடியும் என்று தெரியாதவர்களுக்கு ஒரு நடைமுறை உண்டு. 21ஆம் நாளில் தொடங்கி வாரம் ஒருமுறை எடுத்துக்கொண்டே போவது, பீரியட்ஸ் வந்ததும் நிறுத்துவது. 21இல் 0.5, 28இல் 1.4, 35இல் 9.8, பிறகு 40இல் பீரியட்ஸ் என்றால் படம் தெளிவு. 3க்கு மேல் ஒருமுறை வந்தாலே முட்டை வெளிவந்தது என்று கொள்ளலாம். 4, 12 என்று எண்கள் ஏறி இறங்குவதைப் பார்த்து ஹார்மோன் போதவில்லை என்று கவலைப்பட வேண்டாம். புரோஜெஸ்டிரோன் விட்டுவிட்டுத்தான் சுரக்கும், ஒரே நாளிலேயே சில மணி நேர இடைவெளியில் பெரிதாக மாறும்.

எந்த நாள் எடுத்தாலும், அடுத்த பீரியட்ஸ் வந்த தேதியை அந்த ரிப்போர்ட்டின் மேலேயே எழுதி வையுங்கள். அந்தத் தேதி தெரியும்வரை அந்த எண்ணைப் படிக்க வழியில்லை.

புரோலாக்டினுக்கும் நாள் கணக்கு உண்டா?

நாள் கணக்கு பெரிதாக இல்லை, நேரமும் நிலையும்தான் முக்கியம். தூக்கத்தில் அது ஏறும், எழுந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கும். ஆறு மணிக்கு எழுந்தால் ஒன்பது மணிக்குமேல் ரத்தம் கொடுங்கள். லேபுக்கு வேகமாக நடந்து, மாடி ஏறி, உடனே கை நீட்டக்கூடாது. கால் மணி, இருபது நிமிடம் உட்கார்ந்திருந்து கொடுக்கவேண்டும். அன்று காலை உடற்பயிற்சி, முந்தைய இரவு தாம்பத்தியம், மார்பகப் பரிசோதனை எல்லாம் அதை ஏற்றிவிடும். ஊசி என்றாலே நடுங்குபவர்களுக்கு அந்தப் பயமே ஏற்றும்.

மருந்துகளில் முன்பு சொன்ன டோம்பெரிடோன் மட்டுமல்ல, வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, வயிற்று உப்புசத்துக்குக் கொடுக்கும் லெவோசல்பிரைடு, மனநல மருந்துகளில் ரிஸ்பெரிடோன் ஆகியவையும் உயர்த்தும். வயிற்று மருந்தைச் சில நாள் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மனநல மருந்தை மட்டும் எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்காமல் ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.

25ஐச் சற்றுத் தாண்டி 30, 40 என்று வந்தால் ஓய்வாக உட்கார்ந்து இன்னொரு முறை எடுப்பதுதான் முதல் வேலை. திரும்பவும் உயர்ந்தே இருந்து, தலைவலி, பார்வை மங்கல், தாய்மை இல்லாமலே பால் கசிவது போன்ற அறிகுறி எதுவும் இல்லை என்றால், மேக்ரோபுரோலாக்டின் பார்க்கச் சொல்லலாம். அது பெரிய மூலக்கூறாகத் திரண்ட புரோலாக்டின், எண்ணைக் கூட்டிக் காட்டும், உடம்பில் வேலை எதுவும் செய்யாது. 100ஐத் தாண்டினாலோ, வேறு விளக்கம் கிடைக்காமல் தொடர்ந்து உயர்ந்திருந்தாலோ பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

முகத்துல முடி வளருதுன்னு டெஸ்டோஸ்டிரோன், 17 ஓ.ஹெச்.பி. எழுதியிருக்காங்க. காலை எட்டு மணிக்கே வரணுமாம்.

அந்த எட்டு மணி 17 ஓ.ஹெச்.பி.க்காக. அட்ரீனல் சுரப்பியில் பிறவியிலேயே ஒரு நொதி குறைந்திருந்தால், பி.சி.ஓ.டி. போலவே முடி வளர்ச்சியும் தள்ளிப்போகும் பீரியட்ஸும் இருக்கும். அதைப் பிரித்துக் காட்டுவது இந்த டெஸ்ட். அட்ரீனல் அதிகாலையில் உச்சத்திலும் மாலையில் அடியிலும் இருக்கும். மாலை எடுத்தால் நோய் இருந்தும் இயல்பாகத் தோன்றிவிடும்.

நாளும் முக்கியம். முட்டை வெளிவந்தபின் சினைப்பையே 17 ஓ.ஹெச்.பி.யைச் சுரக்கும். 22ஆம் நாள் எடுத்தால் அட்ரீனல் நன்றாக இருந்தாலும் எண் 200ஐத் தாண்டலாம். பீரியட்ஸின் முதல் சில நாட்களில், காலை எட்டு மணி வாக்கில் எடுத்து, டெசிலிட்டருக்கு 200 நானோகிராமுக்குக் கீழே வந்தால் இந்தக் குறைபாடு பெரும்பாலும் இல்லை. மேலே வந்தால் ஒரு ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கும் சோதனை தேவைப்படலாம். டெஸ்டோஸ்டிரோனையும் அதே காலை ரத்தத்தில் பார்த்துவிடலாம். அது மிக அதிகமாக, 150, 200 என்று வந்தாலோ, சில மாதத்துக்குள் குரல் தடித்து முடி வேகமாக வளர்ந்தாலோ, கட்டி எதுவும் இருக்கிறதா என்று தாமதிக்காமல் பார்ப்பார்கள்.

நாள் பாக்காம எடுக்கக்கூடிய டெஸ்ட் எதுவுமே இல்லையா?

இருக்கின்றன. டி.எஸ்.ஹெச்., முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச்., அட்ரீனலுக்கான டி.ஹெச்.இ.ஏ.எஸ்., ரத்த அணுக்கள், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், கொழுப்பு, சர்க்கரை. பி.சி.ஓ.டி. உறுதியானவர்கள் வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு நிற்காமல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையைச் செய்துகொள்வது நல்லது. வெறும் வயிற்றில் சரியாக இருந்து, குடித்தபின் மட்டும் ஏறும் பெண்கள் உண்டு.

ஸ்கேன் எந்த நாள் எடுக்கணும்? கல்யாணம் ஆகாதவங்களுக்கு எப்படி எடுப்பாங்க?

என்ன தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. பி.சி.ஓ.டி.க்காகச் சிறிய முட்டைப்பைகளை எண்ணவும் சினைப்பையை அளக்கவும் 2 முதல் 5ஆம் நாள். ஒரு பை 10 மி.மீ.க்கு மேல் வளர்ந்துவிட்டால் அதுவே சினைப்பையின் அளவைக் கூட்டிவிடும், அந்த அளவை நம்பாமல் அடுத்த சுழற்சியின் தொடக்கத்தில் மறுபடி பார்க்கவேண்டும். கர்ப்பப்பைக்குள் பாலிப் போன்ற சதை வளர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, ரத்தம் நின்ற உடனே, 10ஆம் நாளுக்குள். அப்போது உள்சவ்வு சில மி.மீ. மட்டுமே இருக்கும், சின்ன வளர்ச்சியும் கண்ணில் படும். 22ஆம் நாள் அந்தச் சவ்வே 14 மி.மீ. வரை தடித்திருக்கும், பாலிப் அதற்குள் ஒளிந்துகொள்ளும். நாள் குறிப்பிடாமல் "உள்சவ்வு 13 மி.மீ., தடித்துள்ளது" என்று எழுதிய ரிப்போர்ட் பல வீடுகளில் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. 24ஆம் நாளில் அது சாதாரணம், 5ஆம் நாளில் என்றால் காரணம் தேடவேண்டும்.

தாம்பத்திய உறவு இல்லாதவர்களுக்கு வயிற்றின் மேல்தான் ஸ்கேன். அதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், அந்த நீர்தான் சினைப்பையைப் பார்க்கும் சாளரம். ஒரு மணி நேரம் முன்னால் மூன்று நான்கு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டிருக்கச் சொல்வார்கள். முட்டைப்பைகளை ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்கு இதில் துல்லியம் கிடைக்காது, அதனால் சினைப்பையின் கனஅளவு 10 மி.லி. அல்லது அதற்குமேல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மற்றவர்களுக்குப் பெண்ணுறுப்பு வழி ஸ்கேன். அதற்குச் சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்கவேண்டும். பீரியட்ஸ் ரத்தம் வரும்போது எடுக்கலாமா என்று தயங்க வேண்டாம், தாராளமாக எடுக்கலாம்.

என் பொண்ணுக்கு 14 வயசு, பெரியவளாகி ரெண்டு வருஷம் ஆகுது. ஸ்கேன்ல ரெண்டு பக்கமும் நீர்க்கட்டின்னு போட்டிருக்கு.

அந்த ஸ்கேனை வைத்து அவளுக்கு பி.சி.ஓ.டி. என்று பெயர் வைக்கக்கூடாது. வயதுக்கு வந்து எட்டு வருடம் வரை சினைப்பையில் நிறைய முட்டைப்பைகள் தெரிவது இயல்பு. 2023இல் வெளியான சர்வதேச வழிகாட்டி, அந்த வயதில் பி.சி.ஓ.டி. என்று முடிவுசெய்ய ஸ்கேனையோ ஏ.எம்.ஹெச்.-ஐயோ பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. முதல் வருடம் ஒழுங்கில்லாமல் வருவது வளர்ச்சியின் பகுதி. ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரை 45 நாள் இடைவெளியையும் இயல்பாக எடுத்துக்கொள்ளலாம். முதல் வருடத்துக்குப் பிறகு ஒருமுறையேனும் 90 நாளைத் தாண்டினாலோ, 15 வயதாகியும் பூப்படையாவிட்டாலோ டாக்டரைப் பாருங்கள். இந்த வயதில் ஸ்கேனைவிட டி.எஸ்.ஹெச்., புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய மூன்றும் அதிகம் சொல்லும்.

கோயிலுக்குப் போகணும்னு தள்ளிப்போடுற மாத்திரை சாப்பிட்டேன். அப்புறம் வந்த பீரியட்ஸ்ல டெஸ்ட் எடுக்கலாமா?

அவசரம் இல்லையென்றால் அடுத்த இயல்பான பீரியட்ஸ் வரை பொறுங்கள். அந்த நோரெத்திஸ்டிரோன் மாத்திரை புரோஜெஸ்டிரோனைப்போல் உள்சவ்வைத் தாங்கிப்பிடித்துத் தள்ளிப்போடுகிறது, பிட்யூட்டரியையும் அடக்கலாம், நிறுத்தியதும் வருவது மாத்திரையை நிறுத்தியதால் வரும் ரத்தம். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் கூடுதல் இடைவெளி தேவை. அது எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச்.-ஐ அடக்குவதோடு, டெஸ்டோஸ்டிரோனையும் ஏ.எம்.ஹெச்.-ஐயும் குறைத்துக் காட்டும். நிறுத்தி மூன்று மாதம் கழித்து எடுப்பது வழக்கம், அந்த மூன்று மாதத்துக்கு வேறு கருத்தடை ஏற்பாடு வேண்டும்.

முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லுங்கள். பல லேப் கருவிகளை அது குழப்பும். டி.எஸ்.ஹெச். பொய்யாகக் குறைந்து, தைராய்டு அதிகம் என்று தோன்றிவிடும். இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டால் போதும்.

இருபது நாளா ரத்தம் நிக்கவே இல்ல. நின்னப்புறம் ரெண்டாம் நாள் பாத்து வரட்டுமா?

வேண்டாம், இன்றே போங்கள். இங்கே நாள் கணக்கு பொருந்தாது. கர்ப்பப் பரிசோதனை, ஹீமோகுளோபின், பிளேட்லெட், ஃபெரிட்டின், டி.எஸ்.ஹெச்., ஸ்கேன் எல்லாம் எந்த நாளிலும் எடுக்கலாம். பூப்படைந்த காலம் முதலே இப்படிக் கொட்டுகிறது, பல் பிடுங்கினாலும் ரத்தம் நிற்பதில்லை என்றால், ரத்தம் உறையும் தன்மைக்கான டெஸ்ட் கேளுங்கள். 45 வயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்கேனோடு விடாமல் உள்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். மணிக்கு ஒரு பேட் நனைந்தாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ அது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டிய நேரம்.

லேப்ல ரத்தம் கொடுக்கும்போது என்ன சொல்லணும்?

கடைசி பீரியட்ஸ் தொடங்கிய தேதியைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ரத்தம் எடுத்த நேரம், சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் சேர்த்து எழுதட்டும். ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிடும் இயல்பு அளவு பெரும்பாலும் மூன்று நான்கு வரியாக இருக்கும்: முன்பாதி, நடு, பின்பாதி, மாதவிடாய் நின்றபின். உங்கள் நாளுக்குரிய வரியோடு ஒப்பிட வேண்டும். கம்ப்யூட்டர் தடித்த எழுத்தில் காட்டுவதை மட்டும் நம்பவேண்டாம், அது உங்களுக்கு எத்தனையாவது நாள் என்று அறியாது.

திரும்ப எடுக்கும் டெஸ்ட்டை முடிந்தவரை அதே லேபில் எடுங்கள், கருவி மாறினால் எண்ணும் மாறும். லேப் மாறியே ஆகவேண்டும் என்றால் அலகைப் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் ஓரிடத்தில் 58 என்றும் இன்னோரிடத்தில் 2 என்றும் வரும், ஒன்று நானோகிராம் கணக்கு, மற்றது நானோமோல் கணக்கு. இரண்டும் ஒரே அளவுதான்.